வீடு காலி செய்யும்போது சாமான் விற்பனைப் பதிவு

குசினிச் சாமானைத் தனித்தனியாக மட்டும் போட்டால் நல்லது முதலில் போய்விடும், மிச்சம் உங்கள் தலையில். அதனால் செற்றாக விலை போடுங்கள். உதாரணத்துக்கு, காஸ் அடுப்பு 9,000, 12.5 கிலோ வெறும் சிலிண்டர் 7,000, ரெகுலேற்றரும் குழாயும் 2,000. தனித்தனியாக எடுத்தால் 18,000, மூன்றையும் செற்றாக எடுத்தால் 2,000 கழித்து 16,000 ரூபாய். தனி விலையையும் கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுப்பை மட்டும் செற்றுக் கழிவோடு கேட்பார்கள்.

கழிவு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதால், "செற்று விலை இறுதி விலை" என்று முதல் வரியிலேயே போடுங்கள். கதிரை, மேசைக்குப் பேசலாம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

எடுக்கும் நாள்: சனி, ஞாயிறு காலை 9 முதல் 12 வரை. பாதிக் காசு முற்பணம் தந்தால்தான் சாமான் ஒதுக்கப்படும். ஞாயிறு 12 மணிக்குள் வராவிட்டால் அடுத்தவருக்கு.

பிரிட்ஜைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அதற்கு முந்தின நாள் இரவே நிறுத்தி ஐஸ் உருக விடவேண்டும். படுக்க வைத்து ஏற்றினால் கொம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள் இறங்கிவிடும். ஆகவே "நிமிர்த்தி ஏற்றக்கூடிய வாகனமும் தூக்க இரண்டு பேரும் வாங்குபவர் பொறுப்பு" என்று எழுதுங்கள். ஓட்டோவோடு வந்து நிற்பவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது இருவருக்குமே அலைச்சல்.