சிங்கப்பூரில் கடன், இந்தியாவில் டெபாசிட்: முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்

இங்கே 3.5% வட்டிக்கு வாங்கி ஊரில் 7% டெபாசிட்டில் போட்டால் 3.5% லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். ரூபாய் எவ்வளவு இறங்கினால் அந்த லாபம் கரையும் என்பதுதான் முக்கியம்.

உதாரணத்துக்கு 10,000 வெள்ளி, வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைப்போம். அனுப்பினால் 6,50,000, ஓராண்டில் 6,95,500 ரூபாய். மொத்தமாகத் திருப்ப வேண்டியது 10,350 வெள்ளி. வகுத்தால் 67.20. வெள்ளி அந்த விலைக்கு வந்தாலே, அதாவது ரூபாய் சுமார் 3.3% இறங்கினாலே, கையில் ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம் மாற்றுச் செலவு. போக அரை சதவீதம், வர அரை சதவீதம் போனால் எல்லை 66.53க்கு இறங்கிவிடும். ஒன்றரை ரூபாய் அசைவுதான்! 2013இல் மே முதல் ஆகஸ்ட் வரையிலான சில மாதங்களிலேயே ரூபாய் இதைவிடப் பல மடங்கு சரிந்தது.

கடன் வட்டிக்கு விளம்பரத்தில் உள்ள எண்ணை எடுக்காதீர்கள். மாதத் தவணைக் கடனில் உண்மையான வட்டி கிட்டத்தட்ட இரு மடங்கு இருக்கும். ஒப்பந்தத்தில் EIR என்று போட்டிருப்பதே சரியான எண். அது 7%ஐத் தொட்டால், ரூபாய் அசையாவிட்டாலும் நஷ்டம்தான்.