எரர் பார் தொடவில்லையென்றால் வித்தியாசம் உண்டா?

அண்ணரின் மகள் கிளிநொச்சியில் விவசாயம் படிக்கிறாள். காலபோக நெல்லில் வீச்சு விதைப்பையும் நாற்று நடுகையையும் இன்னும் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஒரு பார் சார்ட் வரைந்து, ஒவ்வொரு பாரின் தலையிலும் தளம்பலைக் காட்டும் சின்னச் செங்குத்துக் கோடாக ஒரு எரர் பார் குத்தி எனக்கு அனுப்பியிருந்தாள். "ரெண்டு கோடும் தொடவேயில்லை சித்தப்பா, அதால நாற்று நடுகைதான் கூட விளையுது எண்டு எழுதிப்போட்டன்." நான் பார்த்த முதல் விஷயம் அதுவல்ல. நான்கு பாரிலும் கோடு ஒரே நீளமாக இருந்தது. நான்கு முறை, நான்கு விதமான வயல், ஆனால் தளம்பல் மட்டும் நாலிலும் அச்சொட்டாக ஒரே அளவு? அப்படி நடக்காது.

விசாரித்தால், எக்செல்லில் சார்ட்டைச் சொடுக்கி `Error Bars` போய் `Standard Error` என்பதைத் தெரிவு செய்திருக்கிறாள். பலர் விழும் குழி இது. சார்ட்டுக்குக் கொடுத்தது நான்கு சராசரிகள் மட்டும்தான், உள்ளே எத்தனை வயல் துண்டு இருந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு தந்தது என்பது எக்செல்லுக்குத் தெரியாது. அது அந்த நான்கு சராசரிகளையே நான்கு அளவீடுகளாக எடுத்துக் கணக்குப் போட்டு, வந்த ஒரே எண்ணை எல்லாப் பாருக்கும் ஒட்டிவிடும். அந்தக் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பிறகு `Custom`, `Specify Value` வழியாகத்தான் கொடுக்கவேண்டும். ஒன்பது துண்டின் விளைச்சல் B நிரலில் இருந்தால் நியம வழு இப்படி:

```
=STDEV.S(B2:B10)/SQRT(COUNT(B2:B10))
```

இந்தச் சூத்திரத்திலேயே அடுத்த குழப்பத்துக்கான விடையும் இருக்கிறது. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது நியம விலகல், அதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பிரித்தால் வருவது நியம வழு. அவளுடைய தரவை நான் வெளியே போடக்கூடாது, அதனால் கணக்குக்காக நானே எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒரே பரப்புள்ள ஒன்பது துண்டில் வீச்சு விதைப்பு, சராசரி 40 கிலோ. இன்னொரு ஒன்பதில் நாற்று நடுகை, சராசரி 45 கிலோ. இரண்டிலும் நியம விலகல் 6 கிலோ. ஒன்பதின் வர்க்கமூலம் 3, ஆகவே நியம வழு 2 கிலோ.

6 என்பது வயலைப் பற்றிய செய்தி. துண்டுக்குத் துண்டு விளைச்சல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அது சொல்கிறது. இன்னும் நூறு துண்டு அளந்தாலும் அது 6க்குப் பக்கத்திலேயே நிற்கும், ஏனென்றால் மண்ணும் தண்ணீரும் அப்படித்தான். 2 என்பது நம்முடைய சராசரியைப் பற்றிய செய்தி, அது எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்று. கூட அளந்தால் இது சுருங்கும், 36 துண்டென்றால் 1 கிலோ.

இதைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் காட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நாற்று நடுகைப் பாரில் 43இலிருந்து 47 வரை ஒரு கோடு இருக்கிறது. பார்க்கிறவர் "சரி, நான் நட்டால் 43க்குக் குறையாது" என்றுதான் எடுப்பார். ஆனால் அது நியம வழு. துண்டுகளின் விளைச்சல் ஓரளவு மணி வடிவில் பரவியிருந்தால், பெரும்பாலானவை ஏறக்குறைய 33க்கும் 57க்கும் இடையில் எங்கேயும் விழலாம். கோடு குட்டையாக இருக்கிறது, சார்ட் அழகாக இருக்கிறது, அதனால்தான் பலர் நியம வழுவைப் போடுகிறார்கள் என்பது என் சந்தேகம். எதைப் போட்டீர்கள் என்று கீழே எழுதாவிட்டால் வாசிக்கிறவருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை, 2 கிலோக் கோடு பார்வைக்கு வெறும் கோடுதான்.

சரி, இப்போது அவளுடைய "தொடவில்லை" என்ற வாதத்துக்கு வருவோம். நியம வழுக் கோடுகள் 38 முதல் 42 வரையும் 43 முதல் 47 வரையும் போகின்றன. நடுவில் 1 கிலோ வெளி. ஆனால் இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் t சோதனையைச் செய்தால், வித்தியாசம் 5ஐ இரண்டு நியம வழுவின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த மூலத்தால், அதாவது 2.83ஆல், பிரிக்க 1.77 வருகிறது. இந்த அளவு மாதிரிக்கு 5 வீத மட்டத்தில் தேவையானது 2.12. போதாது. கோடுகள் தொடவில்லை, ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல இந்தத் தரவு காணாது. இங்கே 2.12ஐ எட்டவேண்டுமென்றால் கோடுகளுக்கு இடையில் மொத்தமாக ஒரு நியம வழு அளவுக்கு, அதாவது 2 கிலோவுக்கு, வெளி இருந்திருக்க வேண்டும். மறுபக்கம் உறுதியாகச் சொல்லலாம்: இரு தனித்தனிக் குழுக்களின் நியம வழுக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், அந்த மட்டத்தில் வித்தியாசம் நிரூபணமாகாது.

உண்மையான சராசரி எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 வீத நம்பிக்கை ஆயிடையைக் கோடாகப் போட்டால் இந்தத் தவறு தலைகீழாகிறது. ஒன்பது துண்டுக்கு அது சராசரியிலிருந்து இரு பக்கமும் 4.6 கிலோ. நாற்று நடுகையின் சராசரி 45க்குப் பதில் 46.5 என்று வைத்துப் பாருங்கள். வீச்சு விதைப்பின் கோடு 44.6 வரை போகிறது, நாற்று நடுகையின் கோடு 41.9இலேயே தொடங்குகிறது, நன்றாகவே மேவுகின்றன, "வித்தியாசம் இல்லை" என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் t 2.3, வித்தியாசம் தேறுகிறது. நியம விலகலைப் போட்டால் இந்தக் கேள்வியையே கேட்க முடியாது. 40, 45 என்று வைத்து 36 துண்டு அளந்தால் t 3.5ஐத் தாண்டும், ஆனால் நியம விலகல் கோடுகள் அப்போதும் முன்பு போலவே 34–46, 39–51 என்று ஒன்றையொன்று ஏறிக்கொண்டுதான் கிடக்கும். இதில் மாணவரை மட்டும் குறை சொல்லக்கூடாது. 2005இல் பீலியா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கட்டுரை வெளியிட்ட ஆய்வாளர்களிடமே இதைச் சோதித்தார்கள், பலர் நியம வழுக் கோட்டுக்கும் நம்பிக்கை ஆயிடைக்கும் வேறுபாடு பார்க்காமல் வாசித்திருந்தார்கள்.

அவளுடைய தரவிலும் முறைக்கு ஒன்பதுதான். கடைசியாக அவளிடம் கேட்டேன், ஒன்பது என்றால் எந்த ஒன்பது? மூன்று வயலில், ஒவ்வொன்றிலும் மூன்று சதுரம் அறுத்து நிறுத்ததாம். அப்படியென்றால் ஒன்பது இல்லை, மூன்று. ஒரே வயலின் மூன்று சதுரமும் ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடித்தவை. இரணைமடு வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயலும் கடைப்பகுதி வயலும் ஒன்றில்லை என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அந்த வித்தியாசம் வயலுக்கு வயல்தான் வெளியே வரும், சதுரத்துக்குச் சதுரம் அல்ல. ஒன்பதால் கணக்குப் போட்டால் கோடு பொய்யாகக் குட்டையாகும். வயலுக்கு ஒரு சராசரி எடுத்து, மூன்றை வைத்துத்தான் கணக்கு.

அப்படிச் செய்து பார்த்தபோது கோடு பாரின் பாதியளவுக்கு நீண்டுவிட்டது, அவளுக்கு அழுகை வராத குறை. மூன்று மட்டும் இருக்கும்போது பாரே வேண்டாம் என்று சொன்னேன், மூன்று புள்ளியாகப் போடு, பார்க்கிறவர் தானே பார்த்துக்கொள்வார். இப்போது சார்ட்டில் முறைக்கு மூன்று புள்ளி, குறுக்கே சராசரிக்கு ஒரு சின்னக் கோடு, கீழே "ஒவ்வொரு புள்ளியும் ஒரு வயல், வயலுக்கு மூன்று சதுரங்களின் சராசரி" என்று ஒரு வரி. நாற்று நடுகையின் மூன்றில் ஒன்று வீச்சு விதைப்புப் புள்ளிகளுக்கு நடுவிலேயே விழுந்திருக்கிறது. கடைப்பகுதி வயல்தான்.