ஐந்து வெள்ளி சிப்புக்கு முந்நூறு வெள்ளி: பேக்கரட்டில் சைடு பெட் செய்யும் வேலை

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கோப்பி குடித்துக்கொண்டே, என் பழைய வேலையிடத்துத் தம்பி ஒருவர் முந்தின இரவுக் கதையைச் சொன்னார். சூதாட்டக்கூடத்தில் பேக்கரட் மேசையில் நாலு மணி நேரம். கையில் கொண்டுபோனது எண்ணூறு வெள்ளி, திரும்பும்போது டாக்சிக்குப் போக நூறுகூட இல்லை. "ஆனா அண்ணே, மெயின் பெட்ல நான் தோக்கவே இல்ல. ஏறக்குறைய சமமாத்தான் போச்சு. பணம் எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

எங்கே போனது என்று அவர் விளையாடிய முறையைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. பேக்கரட்டில் பிளேயர், பேங்க்கர் என்று இரண்டு கைக்குச் சீட்டுப் போடுவார்கள்; கூட்டு 9-க்கு நெருங்கிய கை ஜெயிக்கும், இரண்டும் சமமானால் டை. எந்தக் கை ஜெயிக்கும் என்று வைப்பது மெயின் பெட், மற்றதெல்லாம் சைடு பெட். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பேங்க்கரில் 25 வெள்ளி. அதோடு பிளேயர் பக்கம் ஜோடி விழும் என்று 10 வெள்ளி. பேங்க்கர் கூட்டு 6 எடுத்து ஜெயிக்கும் என்று ஒரு 5 வெள்ளி சிப். நெடுநேரம் டை வராவிட்டால், "இப்ப வந்தே ஆகணும்" என்று டையில் ஒரு 25. மொத்தம் ஏறக்குறைய 200 ஆட்டம். டையில் மட்டும் ஒரு இருபது தடவை வைத்திருப்பார்.

பெரிய சிப் பேங்க்கரில் இருந்ததால் அவருடைய கண்ணும் அங்கேயேதான் இருந்தது. பணம் போனது சின்ன சிப்புகளின் வழியே.

முதலில், ஹவுஸ் எட்ஜ் என்கிறார்களே, அது என்ன? நீங்கள் வைக்கும் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் சராசரியாகக் கூடம் எடுத்துக்கொள்ளும் பங்கு, அவ்வளவுதான். எட்டுக் கட்டுச் சீட்டு வைத்து ஆடும் வழக்கமான பேக்கரட்டில் நூற்றுக்குப் பேங்க்கரில் 1.06 வெள்ளி, பிளேயரில் 1.24, டையில் 14.36. மூன்றும் ஒரே மேசையில், ஒரே சீட்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கின்றன. ஆனால் டை மற்ற இரண்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலை.

பேங்க்கர் என்றால் கூடத்தின் பக்கம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. பிளேயர், பேங்க்கர் இரண்டும் வெறும் பெயர்கள். யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனாலும் பேங்க்கர் கொஞ்சம் அதிகம் ஜெயிக்கிறது: நூறு ஆட்டத்தில் பேங்க்கர் 45.86, பிளேயர் 44.62, மீதி 9.52 டை. காரணம், பேங்க்கர் இரண்டாவதாக எடுப்பதுதான். பிளேயரின் மூன்றாவது சீட்டு என்னவென்று பார்த்த பிறகே பேங்க்கர் எடுக்கலாமா வேண்டாமா என்று விதி தீர்மானிக்கிறது.

பேங்க்கர் கையில் 5 இருக்கிறது, பிளேயர் மூன்றாவது சீட்டாக 9 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேயர் மூன்றாவது சீட்டு எடுக்கிறது என்றாலே அதன் முதல் இரண்டு சீட்டின் கூட்டு 0 முதல் 5-க்குள்தான். அதோடு 9 சேர்ந்தால் (பத்தைக் கழித்துவிட வேண்டும்) 9, 0, 1, 2, 3, 4 இவற்றில் ஒன்றுதான் வரும். ஆறில் ஐந்து வகையில் பேங்க்கரின் 5 ஏற்கெனவே மேலே இருக்கிறது. அதனால் விதி பேங்க்கரை நிற்கச் சொல்கிறது. அதே இடத்தில் பிளேயர் எடுத்தது 4 என்றால், கூட்டு 4 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். 5 வைத்துக்கொண்டு நின்றால் பெரும்பாலும் அடிதான். அப்போது விதி பேங்க்கரை எடுக்கச் சொல்கிறது. பிளேயருக்கு இந்த வசதி இல்லை. இப்படிப் பார்த்துப் பார்த்து எடுப்பதால் கிடைக்கும் சின்ன வசதியைத்தான் கூடம், பேங்க்கரில் ஜெயித்த பணத்தில் 5 சதவீதக் கமிஷனாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கமிஷனே இல்லாவிட்டால் பேங்க்கரில் வைப்பவர்தான் கூடத்தைக் காலி செய்வார்.

இதைத் தெரிந்துகொண்டதும் "கமிஷன் இல்லாத மேசை" என்ற பலகையைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். தம்பி உட்கார்ந்தது அப்படிப்பட்ட மேசையில்தான். அங்கே பேங்க்கர் ஜெயித்தால் முழுப் பணம் உண்டு, ஆனால் 6 எடுத்து ஜெயித்தால் பாதிதான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் பேங்க்கர் 6-ல் ஜெயிப்பது நூறில் 5.39 தடவை; அதில் பாதி பறிபோனால் 2.69 வெள்ளி. வழக்கமான மேசையில் கமிஷனாகப் போவது 2.29 வெள்ளிதான். ஆக, கமிஷன் இல்லாத மேசையில் கமிஷன் கூடுதல்! பேங்க்கரில் கூடத்தின் பங்கு 1.46-க்கு ஏறிவிடுகிறது. அங்கே பிளேயரே மலிவு, அது எங்கும் 1.24-தான். பேங்க்கர்தான் எப்போதும் நல்லது என்று யாரோ சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்க்காமல் உட்காருவதால் வரும் தவறு இது.

அதே மேசையில், போன பாதியை ஈடுகட்டுவது மாதிரி ஒரு கட்டம் போட்டு வைத்திருப்பார்கள்: பேங்க்கர் 6-ல் ஜெயித்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு. "6 வந்தா மெயின்ல பாதி போகுது, அதை இங்க புடிச்சிக்கலாம்னு வெச்சேன்" என்றார் தம்பி. நியாயமான யோசனை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இது வருவது ஏறக்குறைய பதினெட்டு, பத்தொன்பது ஆட்டத்துக்கு ஒரு தடவை. ஒன்றுக்குப் பதினேழரை கொடுத்தால்தான் சரிக்குச் சரி. பன்னிரண்டுதான் கொடுக்கிறார்கள் என்பதால் கூடத்தின் பங்கு நூற்றுக்கு 30 வெள்ளி. 5 வெள்ளி வீதம் 200 ஆட்டம் என்றால் அவர் வைத்தது ஆயிரம் வெள்ளி. சராசரியாகப் போவது முந்நூறு. அந்த இரவு முழுக்கப் பேங்க்கரில் வைத்த ஐயாயிரம் வெள்ளிக்கு ஆன செலவு 73 வெள்ளிதான்.

ஜோடி பந்தயத்தை யார் வேண்டுமானாலும் கைவிரலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டுக் கட்டு என்றால் 416 சீட்டு. பிளேயரின் முதல் சீட்டு ராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 415 சீட்டில் ராணி 31 இருக்கிறது. அடுத்த சீட்டும் ராணியாக வர 415-ல் 31, அதாவது நூறில் ஏழரை வாய்ப்பு. வராத சீட்டு 384, வருகிற சீட்டு 31. வகுத்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டேகாலுக்கு மேல் கொடுத்தால்தான் நியாயம். கொடுப்பது பதினொன்று. அந்த ஒன்றேகாலுக்கு மேற்பட்ட வித்தியாசம், நூற்றுக்கு 10.36 வெள்ளியாகக் கூடத்துக்குப் போகிறது. தம்பியின் பத்து வெள்ளி சிப்பு 200 ஆட்டத்தில் 207 வெள்ளி.

டையில் இரண்டு தவறான எண்ணம் சேர்ந்தே வரும். முதலாவது, டையைக் காப்பீடாக நினைப்பது. டை வந்தால் பேங்க்கரிலோ பிளேயரிலோ வைத்த பணம் போவதில்லை, அப்படியே திரும்பிவிடும். நஷ்டமே வராத இடத்துக்குக் காப்பீடு எதற்கு? இரண்டாவது, மேசைக்கு மேலே முந்தின முடிவுகளைக் காட்டும் திரையைப் பார்த்து, இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வந்துவிடும் என்று நம்புவது. டை சராசரியாகப் பத்தரை ஆட்டத்துக்கு ஒன்று. தொடர்ந்து 20 ஆட்டம் டையே வராமல் போக நூறில் பதின்மூன்றரை வாய்ப்பு. 30 ஆட்டம் வராமல் போகவும் ஐந்து வாய்ப்பு உண்டு. ஒன்றும் அதிசயமில்லை. இருபது வராத பிறகு இருபத்தொன்றாவது ஆட்டத்திலும் ஏறக்குறைய அதே 9.5 சதவீதம்தான். திரையில் சிவப்பும் நீலமும் அழகாக வரிசை கட்டுவது, நம்மை அங்கேயே உட்காரவைக்கத்தான் பயன்படுகிறது என்பது என் கருத்து.

டையில் ஒன்றுக்கு எட்டு கொடுக்கிறார்கள், ஒன்பதரை கொடுத்தால்தான் சமம். சில இடங்களில் ஒன்பது கொடுப்பதுண்டு. அங்கே பங்கு 4.84-க்கு இறங்கிவிடும். துணியில் அச்சடித்திருக்கும் ஒரே ஒரு எண் அவ்வளவு வித்தியாசம் செய்கிறது, உட்காரும் முன் அதை வாசித்துவிட வேண்டும். தம்பி வைத்தது எட்டு கொடுக்கும் மேசையில். இருபது தடவை, ஐந்நூறு வெள்ளி, சராசரிச் செலவு 72. இருநூறு ஆட்டம் பேங்க்கரில் வைத்ததற்கு ஆனதும் அதே அளவுதான்.

நாப்கினில் கூட்டிக் காட்டினேன். பேங்க்கர் 73, ஜோடி 207, ஆறு 300, டை 72. மொத்தம் 652 வெள்ளி. அவர் இழந்ததும் ஏறக்குறைய எழுநூறு.

"அப்ப சைடு பெட்ட விட்டுட்டு, கமிஷன் மேசையில பேங்க்கர் மட்டும் வெச்சா ஜெயிக்கலாமாண்ணே?" என்றார். முடியாது. ஐயாயிரத்துக்குச் சராசரியாக 53 வெள்ளி போகும். ஆனால் இது சராசரி மட்டுமே. 200 ஆட்டம் என்ற சின்ன நேரத்தில் முடிவு இரண்டு பக்கமும் முந்நூறு வெள்ளி அளவுக்குச் சுலபமாக ஆடும். அதனால்தான் ஒருநாள் ஜெயித்துவிட்டு வந்து, கணக்கே பொய் என்று தோன்றுகிறது. அப்புறம், தம்பி நிரந்தரவாசி. உள்ளே காலெடுத்து வைக்கவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம். 2019 ஏப்ரலுக்கு முன் அது 100-ஆக இருந்தது. பேங்க்கரின் 53 வெள்ளியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாசலிலேயே அதன் ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

அவர் வேறு கணக்கில் இருந்தார். ஆண்டுக் கட்டணம் 3,000 வெள்ளி கட்டிவிட்டால் இருபது தடவை போனாலே கட்டணம் சரியாகிவிடுமாம், அதற்கு மேல் போவது இலவசமாம். நான் பேனாவை வாங்கி, அதே நாப்கினில் 652-ஐ இருபதால் பெருக்கினேன். 13,040. அதோடு 3,000 சேர்த்து எழுதி, அவர் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "கோப்பிக் காசு நான் தர்றேண்ணே" என்று எழுந்து போனார்.