வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' சொல்வது எப்படி?

பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தில் 'தோய்' என்றால் நான், 'பான்' என்றால் நீ என்று இருக்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு ஹனோய் தெருவில் இறங்கினால், நம் பேச்சு யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் ஏதோ அலுவலகக் கடிதத்தை வாசித்துக் காட்டுவது போல விறைப்பாக இருக்கும். வயதில் பெரியவரைப் 'பான்' என்று அழைத்தால் இன்னும் மோசம். அந்தச் சொல்லுக்கே நண்பன் என்றுதான் பொருள்.

வீட்டிலும் தெருவிலும் வியட்நாமியர்கள் உறவுச் சொற்களையே நான், நீ என்று பயன்படுத்துகிறார்கள். நாமும் முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்று கூப்பிடுகிறோம்தான். ஆனால் 'அண்ணா, நான் வர்றேன்' என்னும்போது 'நான்' அப்படியே இருக்கிறது. அது விழுந்தாலும் 'வர்றேன்' காட்டிக்கொடுத்துவிடும். வியட்நாமியத்தில் வினைச்சொல் யாருக்காகவும் மாறுவதில்லை. அதனால் 'தம்பி அண்ணனைப் பார்க்க வருது' என்கிற மாதிரிதான் வாக்கியம் அமையும். அதில் தம்பி நான், அண்ணன் நீங்கள்.

முதல் படி: சொற்களை ஜோடியாகப் படியுங்கள். அண்ணன் 'ஆஞ்', அக்கா 'சி'. இந்த இருவருக்கும் எதிர்ச்சொல் 'எம்', அதாவது தம்பி அல்லது தங்கை. பெரியப்பா, பெரியம்மா வயதினர் 'பாக்', சித்தப்பா வயதினர் 'ச்சூ', அத்தை வயதினர் 'கோ', தாத்தா 'ஓங்', பாட்டி 'பா'. இவர்கள் எல்லோருக்கும் எதிரே நீங்கள் 'ச்சாவ்'. அந்த ஒரு சொல் பேரப்பிள்ளையையும் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் குறிக்கும். எம், ச்சாவ் இரண்டுக்கும் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

இரண்டாம் படி: எதிரில் இருப்பவரின் வயதை யாரோடு ஒப்பிடுவது? சில வயதே மூத்தவர் என்றால் உங்களோடு ஒப்பிட்டால் போதும்: ஆஞ் அல்லது சி. ஒரு தலைமுறை மூத்தவராகத் தெரிந்தால் உங்கள் அப்பா அம்மாவோடு ஒப்பிடுங்கள். அவர்களைவிட இளையவர் ச்சூ அல்லது கோ, மூத்தவர் பாக். ஹோ சி மின்னை இன்றும் 'பாக் ஹோ' என்று சொல்வது இதனால்தான், நாட்டுக்கே பெரியப்பா.

உங்களுக்கு 30 வயது, அம்மாவுக்கு 57, நூடுல்ஸ் கடைக்கார அம்மாவுக்கு ஏறக்குறைய 50 என்று வைத்துக்கொள்வோம். அம்மாவைவிடச் சின்னவர், ஆகவே 'கோ'. நீங்கள் 'ச்சாவ்'. ஒரு கிண்ணம் ஃபோ வேண்டும் என்றால்:

'கோ ச்சோ ச்சாவ் மோட் பாட் ஃபோ.'

சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'அத்தை கொடு பிள்ளை ஒரு கிண்ணம் ஃபோ.' அவர் திரும்பக் கேட்கும்போது உங்களை ச்சாவ் என்பார், தன்னைக் கோ என்பார். ஆக, ச்சாவ் என்பது உங்கள் வாயில் 'நான்', அவர் வாயில் 'நீ'. ஆரம்பத்தில் தலை சுற்றுவது இங்கேதான். இந்தச் சொல் நான் என்கிற இடத்தைக் குறிப்பதில்லை, ஆளையே குறிக்கிறது என்று பிடித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். இதே வாக்கியத்தைச் சைகோனில் சொன்னால் ச்சாவுக்குப் பதில் 'கோன்' வரும், கிண்ணம் 'தோ' ஆகும்.

மூன்றாம் படி: தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று கவனியுங்கள். 40 வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியை நான் ஒருமுறை 'கோ' என்றேன். அவர் திருத்தவில்லை. பதில் சொல்லும்போது தன்னைச் 'சி' என்றும் என்னை 'எம்' என்றும் சொன்னார், அவ்வளவுதான். அந்த நொடியில் நீங்களும் மாறிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறமும் கோ என்று பிடிவாதமாகச் சொன்னால் 'உங்களுக்கு வயசாயிடுச்சு' என்று அழுத்திச் சொல்வது போல ஆகும். சந்தேகம் இருந்தால் பிறந்த ஆண்டைக் கேட்டுவிடலாம். அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் அவர்களே நம்மிடம் கேட்பார்கள்; வம்புக்காக இல்லை, அடுத்த வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரிய வேண்டுமே.

சொந்தக் குடும்பத்துக்குள் மட்டும் இந்த வயதுக் கணக்கு கவிழ்ந்துவிடும். அப்பாவின் அண்ணன் மகனுக்கு 10 வயது, உங்களுக்கு 30 என்றாலும் முறைப்படி அவன்தான் ஆஞ், நீங்கள் எம். நம் ஊரில் பெரியப்பா மகன் சின்னவனாக இருந்தால் தம்பிதான். அங்கே பார்ப்பது கிளையை, பிறந்த நாளை இல்லை.

கணவன் மனைவிக்குள்ளும் வயது பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். மனைவி இரண்டு வயது மூத்தவராக இருந்தாலும் பொதுவாகக் கணவன் ஆஞ், மனைவி எம். சண்டை வந்தால் எம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரெனத் தன்னைத் 'தோய்' என்பார். பாடப்புத்தகம் முதல் பாடத்தில் சொல்லித் தந்த அதே தோய்தான். குரலை உயர்த்தாமலே, உறவை எடுத்துவிட்டேன் என்று கணவருக்குப் புரிந்துவிடும்.