மேலிருந்து படம்பிடிக்க ஒரு பி.வி.சி. ஸ்டாண்ட்: நிழல் விழாமல் எடுப்பது எப்படி

குசினி மேசைக்கு நேர் மேலே போனை நிறுத்தி, சீலிங் லைட்டைப் போட்டுவிட்டு எடுத்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்போம். தட்டின் நடுவில் போனின் நிழல், அதற்குப் பக்கத்தில் குனிந்த தலையின் நிழல், கத்தி இறங்கும் இடத்தில் கையின் நிழல். பலரும் இதற்கு விலை கூடிய ஸ்டாண்ட் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஸ்டாண்டின் வேலை போனை ஆடாமல் பிடிப்பது மட்டும்தான். நிழல் எங்கே விழும் என்பது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு சரிவாக வருகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் ஸ்டாண்டைச் சுருக்கமாக முடித்துவிட்டு, வெளிச்சத்துக்குக் கூடுதல் நேரம் கொடுப்போம்.

உதாரணத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு, யன்னலோரம் சாப்பாட்டு மேசை, எடுக்கப்போவது தேங்காய்ச் சம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி கோர்ப்பது, காகிதப் பூ செய்வது போன்ற கைவேலைக்கும் இதே அமைப்புத்தான்.

ஸ்டாண்ட் செய்வது

மேசைமேல் நிற்கும் ஒரு கோல் போஸ்ட் போல இதைச் செய்யப்போகிறோம். முக்கால் அங்குல பி.வி.சி. பைப் போதும். அரை அங்குல பைப் மலிவுதான், ஆனால் மேசையில் கை பட்டாலே ஆடும். பழைய சோனகத் தெருவுக்குப் போனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். காலி வீதியில் உள்ள சின்ன ஹார்ட்வெயார் கடையிலும் கேட்டால் அளவுக்கு வெட்டித் தருவார்கள்.

வேண்டிய துண்டுகள்: பாதத்துக்கு 20 செ.மீ. நான்கு, நிற்கும் கால்களுக்கு 50 செ.மீ. இரண்டு, குறுக்குச் சட்டத்துக்கு 75 செ.மீ. ஒன்று. இவற்றை இணைக்க இரண்டு டீ, இரண்டு எல்போ, பாதங்களின் நுனிக்கு நான்கு மூடி. இரண்டு 20 செ.மீ. துண்டுகளை ஒரு டீயில் எதிரெதிரே செருகினால் ஒரு பாதம். டீயின் மேல் வாயில் காலைச் செருகி, காலின் உச்சியில் எல்போவை மாட்டி, இரண்டு எல்போக்களுக்கும் நடுவே குறுக்குச் சட்டத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பசை பூச வேண்டாம். கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். எல்போவும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் மட்டும், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சின்ன ஸ்க்ரூவை முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் போனின் பாரத்தில் சட்டம் மெல்ல மெல்லச் சுழன்று, வீடியோவின் பாதியில் படம் சரிந்திருக்கும்.

போனைப் பிடிக்க, ட்ரைபோடில் மாட்டும் ஸ்பிரிங் கிளிப் ஒன்று வேண்டும். அதன் அடியில் கால் அங்குல மரை இருக்கும். குறுக்குச் சட்டத்தின் நடுவில், முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குக் கிடையாக ஒரு துளை போட்டு, ஒன்றரை அங்குல நீளமுள்ள கால் அங்குல போல்ட்டைச் செருகி, நட்டால் இறுக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கிளிப்பைச் சுழற்றி மாட்டலாம். கடையில் போல்ட் கேட்கும்போது கிளிப்பையும் ஒரு துண்டு பைப்பையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 6 மி.மீ. போல்ட்டை மாட்டினால் மரை கெட்டுவிடும்.

கிளிப் இறுகி நிற்கும் கோணம் அநேகமாக நமக்கு வேண்டிய கோணமாக இருக்காது. நட்டைச் சற்றுத் தளர்த்தி, போல்ட்டையும் கிளிப்பையும் சேர்த்தே திருப்பி, போன் மேசைக்குச் சமாந்தரமாக வந்ததும் மறுபடி இறுக்குங்கள். போன் இப்போது திரை மேலேயும் பின்பக்கக் கேமரா கீழேயுமாகப் படுத்திருக்கும். கிளிப்பிலிருந்து சட்டத்துக்கு ஒரு துண்டு நூலையும் கட்டிவிட்டால் மனதுக்கு நிம்மதி. கீழே இருப்பது சம்பல் கோப்பையாயிற்றே.

சட்டகமும் மட்டமும்

பெரும்பாலான போன்களில் `1x` லென்ஸில் வீடியோ எடுத்தால், படத்தில் பிடிபடும் அகலம் போனின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மேசையிலிருந்து போன் 50 செ.மீ. உயரத்தில் என்றால், அகலம் ஏறக்குறைய 60 செ.மீ., ஆழம் 34 செ.மீ. அளவில் வரும். ஒரு பலகையும் இரண்டு கிண்ணங்களும் இதில் தாராளமாக அடங்கும், ஸ்டாண்டின் கால்களும் வெளியே நின்றுவிடும். `0.5x` பக்கம் போக வேண்டாம். அதில் ஸ்டாண்டின் கால்கள் படத்துக்குள் வரும், ஓரத்தில் இருக்கும் கிண்ணமும் இழுபட்டுத் தெரியும்.

மட்டம் பார்க்கக் கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுவிட்டு, வெட்டும் பலகையைக் கீழே வையுங்கள். பலகையின் நான்கு விளிம்பும் கோடுகளோடு ஒத்துப் போனால் சரி. ஒரு பக்கம் மட்டும் குறுகித் தெரிந்தால் போன் சரிந்திருக்கிறது.

படுத்திருக்கும் போனுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. அதனால் சில வேளை படம் தலைகீழாகப் பதிவாகும். கேமராவைத் திறந்ததும், போனைப் புத்தகம் வாசிப்பதுபோல உங்கள் பக்கம் நிமிர்த்திப் பிடித்து, திரையில் எழுத்துகள் நேராகத் திரும்பிய பின் அப்படியே படுக்கவைத்துக் கிளிப்பில் மாட்டுங்கள்.

வெளிச்சம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். சீலிங் லைட்டை அணையுங்கள். மேசைக்கு மேலே இருக்கும் எந்த லைட்டும் போனுக்கு மேலேயும் இருக்கிறது, ஆகவே போனின் நிழல் நேரே தட்டில்தான் விழும். அந்த லைட்டுக்குக் கீழே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். இறக்கைகளின் நிழல் படம் முழுக்கத் துடிக்கும். கொழும்பு வெக்கையில் ஃபேன் இல்லாமல் முடியாது என்றால் ஓடட்டும், லைட் மட்டும் வேண்டாம்.

வெளிச்சம் 45 பாகைச் சரிவில் வந்தால், ஒரு பொருளின் நிழல் அது இருக்கும் உயரத்தின் அளவுக்கே தள்ளி விழும். 50 செ.மீ. உயரத்தில் இருக்கும் போனின் நிழல் 50 செ.மீ. தள்ளிப் போய்விடும். நம் சட்டகத்தின் நடுவிலிருந்து முன் விளிம்பு 17 செ.மீ., பக்க விளிம்பு 30 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆக, போனின் நிழல் படத்துக்குள் வர வழியே இல்லை. போனைத் தாழ்த்தினால் சட்டகமும் சேர்ந்து சிறுக்கும் என்பதால் கணக்கு மாறாது. ஆனால் லைட்டைத் தலைக்கு மேல் உயர்த்த உயர்த்த நிழல் உள்ளே வரத் தொடங்கும்.

பகலில் எடுப்பதென்றால் யன்னலைப் பார்த்தபடி உட்காருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் யன்னல், இந்தப் பக்கம் நீங்கள். அப்போது போன், கை இரண்டின் நிழலும் உங்களை நோக்கி, படத்துக்கு வெளியே விழும். யன்னலுக்கு முதுகு காட்டினால் உங்கள் தலையே தட்டை மறைத்துவிடும். நுணுக்கமான கைவேலை செய்பவர்கள் மேசையைச் சற்றுத் திருப்பி, வெளிச்சம் இடது முன்பக்கத்திலிருந்து வரும்படி செய்யலாம். வலது கையால் ஊசி பிடிக்கும்போது ஊசி நுனியில் நிழல் படாது. இடது கைக்காரர்களுக்கு வலது முன்பக்கம்.

கடல் பக்கம் பார்த்த யன்னலென்றால் பின்னேரம் வெயில் நேரடியாக உள்ளே வரும். அந்த வெயிலில் சட்டத்தின் நிழல் கோடு போட்டதுபோல் கூர்மையாக விழும். யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துக் கட்டுங்கள். வேட்டி முழுவதும் ஒளிரத் தொடங்கியதும், ஒரு புள்ளியிலிருந்து வந்த வெளிச்சம் பரந்த ஒரு பரப்பிலிருந்து வரும். நிழலின் விளிம்பு கரைந்துவிடும்.

இதோடு கையின் ஒரு பக்கம் மட்டும் இருண்டு தெரியும். அதற்கு யன்னலுக்கு எதிரே, அதாவது உங்களுக்கும் பலகைக்கும் நடுவில், சட்டகத்துக்குச் சற்று வெளியே, ஒரு ரெஜிஃபோம் துண்டையோ வெள்ளை பிரிஸ்டல் போர்டையோ சாய்த்து நிறுத்துங்கள். உயரம் ஒரு சாண் இருந்தால் போதும், அதற்கு மேலாகக் கையை நீட்டி வேலை செய்யலாம். எவ்வளவு கிட்ட வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு இருட்டு குறையும். இந்த ஒரு மட்டை செய்யும் வேலையை இரண்டாவது லைட் செய்யாது. இரண்டு பக்கமும் லைட் வைத்தால் ஒவ்வொரு கைக்கும் இரண்டு நிழல் முளைக்கும்.

இரவில் எடுப்பவர்கள் யன்னல் இருக்கும் இடத்தில் ஒரு மேசை விளக்கை வையுங்கள். சட்டகத்தின் நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி, மேசையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் அதே 45 பாகை வந்துவிடும். பல்பு எல்.ஈ.டி.யாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால், பல்பில் படாமல், ட்ரேசிங் பேப்பர் ஒட்டிய ஒரு பெரிய சட்டத்தை நிறுத்துங்கள். பேப்பர் பெரிதாக இருக்க இருக்க நிழல் மென்மையாகும். வீட்டில் மற்ற லைட்டுகள் மஞ்சளாக இருந்தால் அவற்றை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தேங்காய்ப்பூ ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும்.

ரிங் லைட்டைப் போனைச் சுற்றி மாட்டலாமே என்று கேட்பீர்கள். போனின் நிழல் விழாது, உண்மைதான். ஆனால் எவர்சில்வர் கிண்ணம் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை வளையம் தெரியும், சம்பலும் தட்டையாகத் தெரியும். என் விருப்பத்துக்கு அது சரிவராது.

பதிவு செய்யுமுன்

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். விளக்கைப் போனின் ஸ்லோ மோஷனில் சில நொடி எடுத்துப் பாருங்கள். துடித்தால் வேறு பல்பு மாற்றுவது நல்லது. ஷட்டரைக் கையால் மாற்றக்கூடிய போன் என்றால் `1/50` அல்லது `1/100` வைத்தாலும் பட்டை போய்விடும்.

அப்புறம், பலகையில் தேங்காய்ப்பூவையும் செத்தல் மிளகாயையும் பரப்பி வைத்துவிட்டு, திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஐபோனில் `AE/AF LOCK` என்று வரும். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதும் போகும்போதும் படம் இருண்டு வெளுக்கும். தேங்காய்ப்பூ வெறும் வெள்ளைப் பரப்பாகத் தெரிந்தால், பூட்டிய பின் வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள், திரிகள் தனித்தனியாகத் தெரியும் வரை. போனை விமானப் பயன்முறைக்கு மாற்றவும் மறக்க வேண்டாம். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம்.

பத்து நொடி எடுத்து, ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். நிழல் தெரிந்தால் அது எந்தப் பக்கம் நீள்கிறது என்று கவனியுங்கள். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு வெளிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் அணைக்க மறந்த ஹால் லைட்டாக இருக்கும்.

மிளகாயும் உப்பும் இடிக்கும்போது மேசை அதிரும், படமும் அதிரும். பாதங்களுக்கு அடியில் மடித்த துவாய் வைத்தால் கொஞ்சம் குறையும், முழுதாக நிற்காது. அந்தப் பகுதிக்கு உரலை வேறு மேசைக்கு மாற்றிக் கையால் எடுப்பதே மேல். தாளிதம் எடுக்கவும் இந்த ஸ்டாண்ட் உதவாது. அடுப்புக்கு நேர் மேலே நிறுத்தினால் ஆவி லென்ஸை மூடும், எண்ணெய் தெறிக்கும், போன் சூடேறித் தானாகவே கேமராவை நிறுத்தும், பி.வி.சி.யும் சூட்டில் இளகும். தாச்சியைப் பக்கவாட்டில் இருந்து, கையெட்டும் தூரத்தில் சாய்வாக எடுங்கள்.