ஒரே கேம், நாட்டுக்கு ஒரு விலை: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொராண்டோவில் இருக்கும் மாமா, சென்னையில் இருக்கும் என் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசாக சைபர்பங்க் 2077 வாங்கித் தர நினைத்தார். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் விலை 79.99 கனடா டாலர். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் ஒன்டாரியோ மாகாணத்தின் 13 சதவீத வரி சேர்ந்து 90.39 ஆனது. கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போட்டார். நல்ல வேளை. அதே கேம் தம்பியின் ஸ்டீம் கணக்கில் வரியெல்லாம் சேர்த்து 2,999 ரூபாய். அன்று ஒரு கனடா டாலர் 62 ரூபாய் அளவில் இருந்தது. மாமா கட்டவிருந்தது ஏறக்குறைய 5,600 ரூபாய்.

மாமா செய்யவிருந்த தவறு எது என்று சொல்வதற்கு முன், இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மற்ற தவறுகள் தாமாகவே பிடிபடும்.

முதல் தவறே, அமெரிக்க விலையை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கிப் பார்ப்பது. ஸ்டீம் அப்படி விலை போடுவதில்லை. கேமை வெளியிடும் நிறுவனம் ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாக ஒரு விலையை எழுதி வைக்கிறது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், இத்தனை டாலர் கேமுக்கு இந்திய ரூபாயில் இவ்வளவு வைக்கலாம் என்று ஒரு பரிந்துரைப் பட்டியல் தருகிறது. மக்களின் வாங்கும் சக்தி, நாணய மாற்று விகிதம் இரண்டையும் பார்த்துப் போடும் பட்டியல் அது. ஏற்பதும் மாற்றுவதும் வெளியீட்டாளர் விருப்பம். பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அட்டையில் ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று அச்சிட்ட மலிவுப் பதிப்புப் பாடப்புத்தகம் எந்தக் கணக்கில் வந்ததோ அதே கணக்குதான். முழு விலையில் நூறு பேர் வாங்குவதைவிடப் பாதி விலையில் ஆயிரம் பேர் வாங்குவது வெளியீட்டாளருக்கு லாபம்.

2020 டிசம்பரில் இந்தக் கேம் வெளியானபோது அமெரிக்க விலை 59.99 டாலர். அப்போது டாலர் 74 ரூபாய்க்கு அருகில் இருந்தது. பெருக்கினால் 4,400 ரூபாய்க்கு மேல் வருகிறது, இங்கே வைத்த விலையோ 2,999. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் சரியில்லை. இந்திய விலைக்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் சுமார் 2,541 ரூபாய்தான் மிச்சம், அதிலிருந்துதான் ஸ்டீம் தன் பங்கை, வழக்கமாக 30 சதவீதம், எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வரி கடைசிப் பக்கத்தில்தான் ஏறும். ஐரோப்பாவில் நம்மைப் போலவே விலைக்குள் இருக்கும், ஜெர்மனியில் 19 சதவீதம், ஹங்கேரியில் 27. வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எந்த ஒப்பீட்டையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, எழுதி வைத்த விலை அப்படியே நிற்கும். ரூபாய் இறங்கினாலும் ஏறினாலும் வெளியீட்டாளர் வந்து மாற்றும் வரை அது மாறாது. அதனால்தான் சில பழைய கேம்கள் இங்கே வியக்கத்தக்க மலிவாக இருக்கின்றன. வெளியீட்டாளர் கவனிக்காமலே விட்ட சில சின்ன கேம்கள் அமெரிக்காவைவிட இங்கே விலை கூடுதலாகவும் கிடக்கின்றன. steamdb.info தளத்தில் கேமின் பெயரைத் தேடினால் எல்லா நாட்டு விலையும் ஒரே பட்டியலில் தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிடுங்கள்.

இலங்கை நண்பர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் வேறு. இந்தியாவுக்கு 2015 முதல் ஸ்டீமில் ரூபாய் விலை உண்டு. இலங்கைக்கு அந்நாட்டு ரூபாய் இல்லை. பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூடானோடு சேர்த்து ‘தெற்காசிய டாலர்’ என்ற தனிப் பிரிவில் அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஸ்டீமைத் திறந்தால் டாலர் குறி தெரியும், ஆனால் அது அமெரிக்க விலையாக இருக்க வேண்டியதில்லை. வெளியீட்டாளர் தெற்காசியாவுக்கென்று விலை வைத்திருந்தால் அதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே அமெரிக்க இணையதளங்களில் படித்த டாலர் விலையை நம்பி, கட்டுப்படியாகாது என்று விட்டுவிடாமல், உங்கள் கணக்கிலேயே திறந்து பாருங்கள். அதே சமயம் திரையில் தெரியும் டாலரோடு கணக்கு முடிந்துவிடாது. உள்ளூர் ரூபாய் கார்டில் டாலர் செலவு செய்தால் வங்கி தன் மாற்று விகிதத்தில்தான் பிடிக்கும், அதற்கு மேல் கட்டணமும் போடக்கூடும். உண்மையான விலை குறுஞ்செய்தியில் வரும் எண்தான். இந்தியாவில் யூபிஐ மூலம் ரூபாயிலேயே கட்டும்போது இந்தச் சிக்கல் இல்லை.

சரி, இப்போது பெரிய தவறுக்கு வருவோம். மலிவான நாட்டைத் தேடி, விபிஎன் போட்டு, அந்த நாட்டுக்காரர் போலக் காட்டி வாங்குவது.

இதற்குப் பேர் போன இரண்டு நாடுகள் அர்ஜென்டினாவும் துருக்கியும். இரண்டு நாட்டு நாணயங்களும் வேகமாக மதிப்பிழந்தன, எழுதி வைத்த விலைகளோ அப்படியே நின்றன. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் கணக்கின் நாட்டை மாற்றிக்கொண்டு அங்கே போய் வாங்கினார்கள். 2021இல் வால்வ், நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம் என்று கட்டுப்படுத்தியது. புதிய நாட்டில் வழங்கப்பட்ட கார்டு போன்ற ஒன்றால் பணம் கட்டினால்தான் மாற்றமே நடக்கும். 2022 அக்டோபரில் அந்த இரு நாணயங்களுக்கும் பரிந்துரை விலையைப் பல மடங்கு உயர்த்தியது. கடைசியில் 2023 நவம்பர் 20 அன்று பெசோ, லிரா இரண்டையும் எடுத்துவிட்டு டாலருக்கு மாற்றிவிட்டது. ஸ்டீம் கணக்கின் வாலட்டில் ஆட்கள் போட்டு வைத்திருந்த பணமும் டாலராக மாறியது. புதிய பிரிவுக்குத் தனி விலை வைக்காத நிறுவனங்களின் கேம்கள் அமெரிக்க விலைக்கே போய் நின்றன. நாணயச் சரிவுதான் இதற்கு முக்கியக் காரணம் என்றாலும், வெளியாட்கள் கூட்டமும் சேர்ந்தே அந்த விலைகளை நிற்க விடாமல் செய்தது என்பது என் கணிப்பு. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இஸ்தான்புல்லில் லிராவில் சம்பளம் வாங்கும் ஒரு பையனுக்கு, நேற்று வரை எட்டிய கேம் ஒரே நாளில் எட்டாமல் போனது. நாளைக்கு ரூபாய் விலைக்கும் இது நடக்கலாம்.

வாங்குபவருக்கு நேரடி ஆபத்தும் உண்டு. வேறு நாட்டு விலையைப் பெற இருப்பிடத்தை மறைப்பது ஸ்டீம் ஒப்பந்தத்தில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது, கணக்கையே முடக்க அதில் இடமுண்டு. பத்து வருடமாகச் சேர்த்த கேம்கள் ஒரே கணக்கில்தானே இருக்கின்றன? ஒரு கேமில் மிச்சமாகும் ஆயிரம் ரூபாய்க்காக அதைப் பணயம் வைப்பது வீண் வேலை. உண்மையிலேயே குடிபெயர்கிறவர்களுக்கு இது பொருந்தாது. படிக்கவோ வேலைக்கோ கனடா போனால், அங்கே வங்கிக் கணக்கு திறந்து, அந்த நாட்டு கார்டில் ஒன்று வாங்கி, முறையாக நாட்டை மாற்றிக்கொள்ளலாம். வாலட்டில் மிச்சமிருக்கும் ரூபாய் கனடா டாலராகிவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்பே அந்த மிச்சத்தை இந்திய விலையில் செலவழித்துவிடுவது நல்லது. இரண்டு வாரச் சுற்றுலாவுக்கெல்லாம் நாட்டை மாற்ற வேண்டாம், திரும்பி வந்ததும் மூன்று மாதம் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது வெளித்தளங்களில் விற்கும் கீ, அதாவது ஸ்டீமில் தட்டினால் கேமை உங்கள் கணக்கில் சேர்க்கும் குறியீடு. நானே இதில் ஏமாந்திருக்கிறேன். மறுவிற்பனைத் தளம் ஒன்றில் பாதி விலைக்கு ஒரு கீ வாங்கி, ஸ்டீமில் தட்டினேன். இந்த நாட்டில் இது கிடைக்காது என்று செய்தி வந்தது. தளத்தின் பக்கத்தில் கேமின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் வேறொரு பிரதேசத்தின் பெயர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஸ்டீமிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும் என்ற வசதி, ஸ்டீமிலேயே வாங்கியதற்கு மட்டும்தான். கீயை இப்படி ஒரு நாட்டோடு கட்டிப்போடும் பூட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, குறிப்பிட்ட நாட்டில் இருந்தால்தான் கீயைச் சேர்க்க முடியும். மற்றொன்று மோசமானது, சேர்த்த பிறகும் குறிப்பிட்ட நாட்டில்தான் கேம் ஓடும். திருட்டு கார்டில் வாங்கிய கீ என்று பின்னால் தெரிந்தால் வெளியீட்டாளர் அதை ரத்து செய்துவிடுவார், கேம் உங்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகும். கேமின் சொந்த இணையதளம் எந்தக் கடைகளைக் காட்டுகிறதோ அங்கே மட்டும் கீ வாங்குவதுதான் என் வழக்கம் இப்போது.

இந்தப் பூட்டே சட்டவிரோதம் என்று சிலர் வாதிடுவார்கள். அவர்கள் சொல்லும் தீர்ப்பு உண்மைதான், ஆனால் அதன் எல்லை ஐரோப்பா. 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம், வால்வுக்கும் கேப்காம், பண்டாய் நாம்கோ உள்ளிட்ட ஐந்து வெளியீட்டாளர்களுக்கும் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. போலந்து, செக் குடியரசு போன்ற நாடுகளில் விற்ற கீகளை மற்ற ஐரோப்பிய நாடுகளில் இயங்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வால்வின் முறையீட்டை 2023 செப்டம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரே சந்தைக்குள் சுவர் எழுப்பக் கூடாது என்பதுதான் அங்கே விஷயம். சென்னையில் இருப்பவருக்கு அதிலிருந்து ஓர் உரிமையும் கிடைக்காது.

மாமாவிடம் திரும்புவோம். கேமையே பரிசாக அனுப்பினால் வாங்குகிறவர் நாட்டு விலைதான், ஆகவே அவர் 90.39 டாலர் கட்டியிருப்பார். தம்பி இங்கிருந்து மாமாவுக்கு அதே கேமை அனுப்ப முயன்றிருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கும். இரண்டு நாட்டு விலைக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மலிவான பக்கத்திலிருந்து அனுப்ப 2017 முதல் ஸ்டீம் விடுவதில்லை. பணம் கட்டும் முன்பே அது சொல்லிவிடும்.

மாமாவுக்கு நான் சொன்ன வழி ஸ்டீமின் டிஜிட்டல் கிஃப்ட் கார்டு. அது கேமுக்குப் பதிலாகப் பணத்தை அனுப்புகிறது, அந்தப் பணம் பெறுபவரின் வாலட்டில் அவருடைய நாணயமாக விழும். அனுப்புபவரும் பெறுபவரும் ஸ்டீமில் குறைந்தது மூன்று நாள் நண்பர்களாக இருக்க வேண்டும். மாமா அன்றைக்கே தம்பியை நண்பராகச் சேர்த்துக்கொண்டு, நான்காம் நாள் 50 டாலர் கார்டு அனுப்பினார். தம்பியின் வாலட்டில் 3,100 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்து விழுந்தது. கேமை வாங்கிய பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.