பெயிண்ட் கணக்கு: 6 லிட்டரா, 12 லிட்டரா?

எங்கள் அறையின் சுவர்களுக்கு மட்டும் எமல்ஷன் 6 லிட்டர் போதும் என்று கடைக்காரரும், 12 லிட்டர் வேண்டும் என்று பெயிண்டரும் சொன்னதில் சில நாட்கள் வீணாயின. தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கும் வழக்கமான கணக்கு, கூரையையும் சேர்த்துக்கொள்வதால் உதவவில்லை.

சுவர்களை அளந்தேன்: 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி, ஆக 440 சதுர அடி, கதவும் ஜன்னல்களும் போக 395. டப்பாவில் லிட்டருக்கு 65 சதுர அடி என்றிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், அது இரண்டு கோட்டுக்குச் சேர்த்த அளவு என்றிருந்தது. 395ஐ 65ஆல் வகுத்தால் வரும் சுமார் 6 லிட்டரைப் பெயிண்டர் மீண்டும் இரண்டால் பெருக்கியிருந்தார்.

ஆனால் அந்த அளவு வழவழப்பான சுவருக்கானது. எங்கள் சுவர் சற்றுச் சொரசொரப்பானது என்பதால், தண்ணீர் கலக்கும் முன் அளந்தெடுத்த அரை லிட்டரைப் பிரைமர் அடித்த சுவரில் ஒரு கோட்டாகப் பூசிப் பார்த்தபோது 55 சதுர அடியே வந்தது. அதாவது லிட்டருக்கு 110. இரண்டு கோட்டுக்கு 790ஐ 110ஆல் வகுத்தால் 7.2 லிட்டர். நான்கு லிட்டர் டப்பா இரண்டு வாங்கி, நிறம் மாறாதிருக்க ஒரே வாளியில் கலந்து பூசியதில், திருத்தப்பூச்சுக்குக் கொஞ்சம் மிஞ்சியது.